ஆன்லைனில் கமோடு வாங்கும் முன்: அளவு, உடைசல், ரிட்டர்ன் – பணம் கட்டுவதற்கு முன்னும் பின்னும் வரிசைப்படி செய்ய வேண்டியவை

குளியலறைச் சாமான்களில் ஆன்லைனில் வாங்கி அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கமோடில்தான். குழாய் தவறாக வந்தால் திருப்பி அனுப்புவது எளிது. வாஷ்பேசின் கொஞ்சம் பெரிதாக வந்தாலும் சமாளிக்கலாம். கமோடு 40 கிலோ எடை, பீங்கான், தரையில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையோடு மில்லிமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டியது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பொருளைப் பற்றியது: டேங்க்கும் பீடமும் ஒன்றாக வரும் ஒன்-பீஸ் கமோடு.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பல வீடுகளில் இந்த வேலைக்குக் கூட நின்றிருக்கிறேன். தவறு நடப்பது பெரும்பாலும் பொருளின் தரத்தில் இல்லை, வரிசையில். முதலில் ஆஃபரைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு டேப்பை எடுக்கிறார்கள். காலடிப்பேட்டையில் என் மச்சான் வீட்டு முதல் மாடியில் செய்த வேலையின் அளவுகளையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

1. டேப் எடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இரும்பு டேப், தூக்குக்குண்டு, ஒரு தாள், பென்சில், போன். இவ்வளவு போதும். துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும்.

அளவை மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். மேஸ்திரி “ஒன்பது இன்ச்” என்பார், கடைக்காரர் “225” என்பார், இன்னொரு கம்பெனி “220” என்று போட்டிருக்கும். இன்ச்சில் பேசும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மில்லிமீட்டரில் எழுதினால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

இன்னொன்றும் முடிவாகியிருக்க வேண்டும்: சுவரில் புது டைல்ஸ் வருகிறதா, இல்லையா? வந்தால், சிமெண்ட் கலவையில் ஒட்டப்போகிறாரா, பசையிலா? டைல்ஸ் மேஸ்திரியிடம் இதைக் கேட்காமல் எடுக்கும் எந்த அளவும் பாதி அளவுதான். ஏன் என்பது மூன்றாவது பகுதியில் வருகிறது.

2. கழிவு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

கமோடில் இரண்டு வகை. கழிவு கீழே தரைக்குள் இறங்கினால் எஸ் டிராப். பின்னால் சுவருக்குள் நேராகப் போனால் பி டிராப். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதை அப்படியே வைக்க முடியாது.

பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கழிவுக் குழாய் வெளிச்சுவரில் தொங்கும். அங்கே மாடியில் இருக்கும் கமோடு பெரும்பாலும் பி டிராப்பாக இருக்கும். தரைத்தள வீடுகளிலும் தனி வீடுகளிலும் எஸ் டிராப்பை அதிகம் பார்க்கலாம். ஆனால் ஊகம் வேண்டாம். கமோடின் பின்னால் குனிந்து பாருங்கள். பின்னாலிருந்து சுவருக்கு ஒரு தடிமனான குழாய் போனால் பி டிராப். எதுவும் தெரியாமல் பீடம் தரையோடு மூடியிருந்தால் எஸ் டிராப்.

இந்தியன் கிளாசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தியன் கிளாசெட்டுக்குத் தனியாக ஒரு டிராப், அதாவது தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய், தரைக்குள் புதைந்திருக்கும். வெஸ்டர்ன் கமோடுக்கு உள்ளேயே டிராப் உண்டு. பழைய டிராப்பை விட்டுவிட்டு அதன் மேலேயே புது கமோடை உட்காரவைத்தால் இரண்டு தண்ணீர் அடைப்புகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். பிளஷ் செய்தால் தண்ணீர் மேலே ஏறி, மெதுவாக இறங்கும். “புது கமோடு சரியில்லை” என்று ரிட்டர்ன் கேட்ட ஒரு வீட்டில் தவறு தரைக்குள்தான் இருந்தது. பழைய டிராப்பை எடுத்து நேர்க்குழாய் போட்ட பிறகுதான் புது ஓட்டையின் நடுப்புள்ளி எங்கே வரும் என்று தெரியும். அளவு அதற்குப் பிறகு.

3. நடுப்புள்ளி அளவை எடுங்கள்

எஸ் டிராப்புக்கு வேண்டியது ஒரே ஒரு தூரம்: முடிந்த சுவரிலிருந்து, தரையில் இருக்கும் குழாயின் நடுப்புள்ளி வரை. இதைத்தான் பிளம்பர்கள் “சென்டர்” என்றும், விற்பனைப் பக்கங்கள் “ரஃப்-இன்” அல்லது “டிராப் டிஸ்டன்ஸ்” என்றும் சொல்கிறார்கள். நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை 100, 225, 300 மி.மீ.; அதாவது 4, 9, 12 இன்ச்.

வட்டமான ஓட்டையின் நடுவைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்காதீர்கள். சுவரிலிருந்து குழாயின் கிட்ட விளிம்புக்கு ஒரு அளவு, தூர விளிம்புக்கு ஒரு அளவு. இரண்டையும் கூட்டி, பாதியாக்குங்கள். மச்சான் வீட்டில் பழைய டைல்ஸை உடைத்து எடுத்திருந்தார்கள், வெறும் பூச்சுச் சுவர். கிட்ட விளிம்பு 190, தூர விளிம்பு 300. கூட்டினால் 490, பாதி 245. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 110. அது குழாயின் வெளி விட்டமேதான், ஆகவே டேப்பைச் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்தது.

இங்கேதான் மச்சான் தவறப் பார்த்தார். “245ன்னா கிட்டத்தட்ட பத்து இன்ச், ஒன்பது பத்தாது, பன்னிரண்டு போட்டுடலாம்” என்று 300 மாடலைக் கூடையில் போட்டு வைத்திருந்தார். செருப்பு வாங்குவதுபோலப் பெரிய அளவுக்குப் போவது இங்கே ஆகாது. 300 கமோடு என்றால் அதன் கழிவுத் துளை பின்பக்கத்திலிருந்து 300 தள்ளி இருக்கிறது. நம் ஓட்டை 245இல் இருந்தால், துளை ஓட்டைக்கு வந்து சேருமுன்பே டேங்க் சுவரில் முட்டிவிடும். எப்போதும் உங்கள் அளவைவிடச் சற்றுக் குறைந்த மாடல்தான் பொருந்தும். மிச்சம் டேங்க்குக்குப் பின்னால் இடைவெளியாக நிற்கும். 5 முதல் 15 மி.மீ. இடைவெளி இருந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு இன்ச்சுக்கு மேல் போனால் அசிங்கமாக இருக்கும், டேங்க்குக்கும் முதுகுப்பிடிப்பு இல்லை.

அடுத்தது டைல்ஸ் தடிமனைக் கழிப்பது. கலவையில் ஒட்டினால் டைல்ஸோடு சேர்த்துச் சுமார் 25 மி.மீ. சுவர் முன்னால் வரும். பசையில் ஒட்டினால் 8 மி.மீ. டைல்ஸும் 6 மி.மீ. பசையுமாகச் சுமார் 14. மேஸ்திரி கலவையில் ஒட்டுவதாகத்தான் இருந்தார். 245இல் 25 போனால் 220. 225 கமோடு உட்காராது. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். பழைய டைல்ஸ் மேலிருந்து அளந்து, புதிதாக வரும் தடிமனைக் கழியுங்கள்.

கடைசியாகத் தூக்குக்குண்டு. தரையில் எடுத்த அளவு டேங்க் உயரத்தில் இருக்காது. பழைய சுவர் நேராக நிற்பது அபூர்வம். குண்டை இரண்டரை அடி உயரத்திலிருந்து தொங்கவிட்டோம். மேலே சுவர் 8 மி.மீ. அறைப்பக்கம் துருத்தி நின்றது. டைல்ஸ் மேஸ்திரி சுவரின் எந்த இடம் முன்னால் துருத்துகிறதோ அதிலிருந்துதான் தூக்குப் பிடிப்பார். ஆக உண்மையான அளவு 245 இல்லை, 237. கலவையில் ஒட்டியிருந்தால் 212 ஆகியிருக்கும்.

முடிவு இரண்டு. துருத்திய பூச்சைக் கொத்தி எடுத்தோம். கலவைக்குப் பதில் பசை. 245இல் 14 கழித்து 231. 225 கமோடு 6 மி.மீ. இடைவெளியோடு உட்காரும். அந்த 6 மி.மீ. அவசியம். பீங்கான் சூளையில் சுடும்போது சுருங்கும். ஒரே மாடலில் இரண்டு உருப்படிகள்கூட சில மி.மீ. மாறுபடும்.

பி டிராப் வீடு என்றால் சுவர் தூரத்துக்குப் பதில் உயரத்தை அளக்க வேண்டும்: முடிந்த தரையிலிருந்து சுவர்க் குழாயின் நடுப்புள்ளி வரை. பல மாடல்களில் இது 180 அல்லது 185 மி.மீ. தரையில் புது டைல்ஸ் போட்டால் தரை உயரும், இந்த அளவு குறையும். முறை அதேதான்.

4. பழைய கமோடு இன்னும் உட்கார்ந்திருந்தால்

எஸ் டிராப் கமோடு இருக்கும்போது ஓட்டை தெரியாது. பீடத்தின் பக்கவாட்டு ஸ்க்ரூவை நடுப்புள்ளியாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அளக்காதீர்கள். நம் ஊர் மாடல்கள் பலவற்றில் ஸ்க்ரூவுக்கும் ஓட்டைக்கும் சம்பந்தமில்லை.

பழைய கமோடில் கம்பெனி பெயரும் மாடலும் தெரிந்தால் அதன் வரைபடத்தைத் தேடி, டேங்க்குக்குப் பின்னால் உள்ள இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். அது கிடைக்காவிட்டால் பிளம்பரை வரவைத்துக் கமோடைத் தூக்கி அளந்து, திரும்ப உட்காரவைக்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலி போகும். ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் தவறான கமோடு வந்து, பழையதும் கழற்றப்பட்டு நிற்கும் நாட்களோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி பெரிதல்ல. தூக்கும்போது பழைய கமோடு உடைய வாய்ப்பு உண்டு. இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

5. கதவு, ஆங்கிள் காக், மாடிப்படி

நடுப்புள்ளி சரியாக இருந்தும் கமோடு திரும்பிப் போவது இந்த மூன்றால்தான்.

கதவு உள்ளே திறந்தால், கமோடின் முன்முனையில் இடிக்கிறதா என்று தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். மச்சான் வீட்டுக் குளியலறை 4 அடிக்கு 6 அடி. கமோடு கதவுக்கு எதிர்ச்சுவரில். டைல்ஸ் போக நீளம் 1,800 மி.மீ.; கமோடின் நீளம் 690, இடைவெளியோடு 700 என்று வைத்தால் மீதி 1,100. கதவு 750. சரி, இடிக்காது. அதே இடத்தில் 740 நீள மாடலும் இடிக்காது, ஆனால் கதவைச் சாத்த ஆள் ஒதுங்கி நிற்கும் இடம் குறைந்துவிடும். பக்கவாட்டில் கமோடின் நடுவிலிருந்து சுவருக்கு 380 மி.மீ. இருந்தால் தோள் இடிக்காமல் உட்காரலாம்.

ஆங்கிள் காக் என்பது டேங்க்குக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறிய வால்வு. பழைய மாடல்களில் பீடம் ஒல்லியாக இருக்கும், பக்கத்தில் காக் தாராளமாக நிற்கும். இப்போது வரும் ஒன்-பீஸ்கள் சுவர் வரைக்கும் மூடியபடி அகலமாக வருகின்றன. எங்கள் காக் நடுக்கோட்டிலிருந்து 160 மி.மீ. இடப்பக்கம் இருந்தது. கமோடின் அகலம் 360, பாதி 180. அதாவது காக் கமோடின் உடம்புக்குப் பின்னால் மாட்டியிருக்கும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பாயிண்டை 230க்கு மாற்றினோம். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

மாடிப்படி: பெட்டியின் அளவைக் கேளுங்கள், கமோடின் அளவை அல்ல. நம் பகுதி வீடுகளில் படி திரும்பும் இடம்தான் குறுகல். அங்கே இரண்டு பேர் 40 கிலோ பெட்டியைச் சாய்க்காமல் திருப்ப முடியுமா என்று ஒரு காலிப் பெட்டியை வைத்தே பார்த்துவிடலாம்.

6. விற்பனைப் பக்கத்தை வரைபடத்தோடு படியுங்கள்

தலைப்பை நம்பாதீர்கள். “எஸ் டிராப் 4 இன்ச்” என்று ஒரு தலைப்பு இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். சுவரிலிருந்து 4 இன்ச் தூரம் என்பது ஒன்று. கழிவுத் துளைக்கு 4 இன்ச் குழாய் என்பது இன்னொன்று. இந்த ஒரு குழப்பத்தால் 9 இன்ச் ஓட்டை உள்ள வீட்டுக்கு 4 இன்ச் கமோடு வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பொருத்தலாம், ஆனால் டேங்க்குக்குப் பின்னால் ஐந்து இன்ச் இடைவெளி.

படங்களுக்கு நடுவே ஒரு கோட்டு வரைபடம் இருக்கும். அதில் பின்பக்கத்திலிருந்து துளையின் நடுவுக்கு அம்புக்குறி போட்டு ஒரு எண் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த எண்தான். வரைபடமே இல்லாத பக்கத்தில் கமோடு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து, விலை எவ்வளவு குறைந்தாலும்.

ஒரே பக்கத்தில் 100, 225, 300 மூன்றையும் தேர்வு செய்யும் வசதி இருந்தால் கவனம். அளவை மாற்றினாலும் வரைபடம் மாறாமல் அப்படியே இருக்கும். பக்கத்தைப் புதுப்பித்தால் தேர்வு முதல் அளவுக்கே திரும்பிவிடவும் கூடும். கூடைக்குள் போய், அங்கே எந்த அளவு எழுதியிருக்கிறது என்று மறுபடி பாருங்கள்.

முடிந்தால் அதே மாடலை நேரில் ஒருமுறை பாருங்கள். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் சானிட்டரி கடைகள் வரிசையாக இருக்கின்றன. உட்காரும் உயரமும் சீட்டின் அகலமும் படத்தில் தெரியாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைத் தவிர்க்காதீர்கள்.

7. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்

இதுவே மொத்த வேலையில் மிக முக்கியமான படி. பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020இன்படி, பொருள் குறைபாடாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மையோடு ஒத்துப்போகாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் அளவைத் தவறாக எடுத்து வாங்கியிருந்தால் இந்த விதி கைகொடுக்காது. அப்போது அவர்களுடைய ரிட்டர்ன் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். “225 என்று நீங்கள்தானே எழுதினீர்கள்” என்று காட்ட ஒரு எழுத்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தே, பிறகு வரும் தகராறில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பது முடிவாகும்.

போனில் பேசினால் அது எழுத்தாகாது. தளத்தின் கேள்விப் பெட்டியிலோ மின்னஞ்சலிலோ இப்படிக் கேளுங்கள்:

“இந்த மாடலில் சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடுப்புள்ளி வரை தூரம் எத்தனை மி.மீ.? எஸ் டிராப்தானே? சீட், பிளஷ் உறுப்புகள், தரையில் பொருத்தும் ஸ்க்ரூ ஆகியவை பெட்டியிலேயே வருமா? வழியில் உடைந்து வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள், எந்த ஆதாரத்தோடு சொல்ல வேண்டும்? திரும்ப எடுக்க வண்டி நீங்கள் அனுப்புவீர்களா, செலவு யாருடையது?”

பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். விற்பதற்கு முன் பதில் தராதவர், உடைந்து வந்த பிறகு தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

8. ரிட்டர்ன் பகுதியில் தேட வேண்டிய நான்கு வரிகள்

முதலில், ரிட்டர்னா, ரீப்ளேஸ்மென்ட்டா? “7 நாள் ரீப்ளேஸ்மென்ட்” என்றால் பணம் திரும்ப வருவது முதல் வழி இல்லை, அதே பொருளை மாற்றித் தருவார்கள். அளவு பொருந்தாமல் போனவருக்கு அதே அளவில் இன்னொன்று வந்து என்ன பயன்?

இரண்டாவது, உடைசலைச் சொல்லக் காலக்கெடு. ரிட்டர்னுக்கு 7 நாள் என்று இருந்தாலும் உடைசலுக்கு மட்டும் 24 அல்லது 48 மணி நேரம் என்று தனியாக எழுதியிருக்கும். பெரும்பாலும் பெட்டி பிரிக்கும் வீடியோவும் கேட்பார்கள்.

மூன்றாவது, திரும்ப அனுப்பும் செலவு. “வாடிக்கையாளரே அனுப்ப வேண்டும்” என்று இருந்தால், 40 கிலோ பீங்கானை மறுபடி பேக் செய்து பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டியது நீங்கள். வழியில் உடைந்தால் அதுவும் உங்கள் தலையில்.

நான்காவது, பொருத்திய பிறகு ரிட்டர்ன் கிடையாது என்ற வரி. இது ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கும், நியாயமும்கூட. அதனால் சோதனைகள் எல்லாம் ஒயிட் சிமெண்ட் தொடும் முன்பே முடிய வேண்டும்.

விற்பனைப் பக்கம், வரைபடம், தேர்ந்தெடுத்த அளவு, ரிட்டர்ன் கொள்கை, விற்பவரின் பெயரும் முகவரியும், அவர் தந்த பதில்: எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பக்கம் நாளை மாறலாம்.

9. எப்போது, எப்படிப் பணம் கட்டுவது

தள்ளுபடி நாளில் வாங்கி, டைல்ஸ் வேலை முடியும் வரை பெட்டியை மூலையில் வைப்பது வழக்கமாகிவிட்டது. கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஐந்து வாரம் இருந்த பெட்டியைப் பிரித்தபோது பீடத்தின் மூலை உடைந்திருந்தது. வழியில் உடைந்ததா, வீட்டில் உடைந்ததா என்று யாரும் நிரூபிக்க முடியவில்லை. கெடுவும் போய்விட்டது. ஓட்டை அளவு உறுதியான பிறகு, வேலைக்குத் தேவைப்படும் வாரத்துக்குச் சற்று முன் வருவதுபோல வாங்குங்கள். முன்பே வந்துவிட்டால் பொருத்தாவிட்டாலும் அன்றே பிரித்துப் பாருங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் அட்டைப்பெட்டி நனைந்து இளகும். இளகிய அட்டை உள்ளே இருப்பதைத் தாங்காது. அவசரமில்லை என்றால் அந்த மாதங்களைத் தவிருங்கள்.

தளத்துக்குள்ளேயே பணம் கட்டுங்கள். “நேரடியாக ஜிபே பண்ணுங்க, 800 ரூபாய் குறைச்சுத் தரேன்” என்று விற்பவர் தனியாகச் செய்தி அனுப்பினால் மறுத்துவிடுங்கள். அப்படிக் கட்டிய பணத்துக்கு ஆர்டர் எண் கிடையாது, தளம் பொறுப்பேற்காது. கிரெடிட் கார்டில் கட்டினால், தகராறு வரும்போது வங்கியிடமும் முறையிட ஒரு வழி இருக்கிறது. உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பில் வருமா என்றும் பாருங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

10. பெட்டி தெருமுனைக்கு வரும்போது

நம் பகுதியின் சந்துகளுக்குள் டெலிவரி வேன் பல நேரம் வராது. தெருமுனையில் இறக்கிவிட்டு ஓ.டி.பி. கேட்பார்கள். அங்கிருந்து மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது நம் ஏற்பாடு. அந்த ஐந்து நிமிடப் பயணத்தில் உடைந்தாலும் நம் கணக்கு. ஆகவே வண்டியில் ஏற்றும் முன், ஓ.டி.பி. சொல்லும் முன், அங்கேயே பெட்டியைப் பாருங்கள்.

முகவரி ஒட்டியிருக்கும் பக்கம் முதலில் வீடியோவில் வரட்டும். பிறகு நிறுத்தாமல் ஆறு பக்கமும். மூலை நசுங்கல், ஈரக்கறை, மறுபடி ஒட்டிய டேப் இருந்தால் கிட்டப் போய்க் காட்டுங்கள். பெட்டியை லேசாகச் சாய்த்தால் உள்ளே சில்லு உருளும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் பிரிக்கவே வேண்டாம். உடைசல் என்று காரணம் எழுதவைத்து மறுத்துவிடுங்கள். அது வீட்டுக்குள் வந்த பிறகு திருப்பி அனுப்புவதைவிட நூறு மடங்கு சுலபம்.

“சார், நேரமில்லை, கையெழுத்துப் போடுங்க” என்பார் டெலிவரி தம்பி. அவருக்கும் அன்று முடிக்க வேண்டிய வீடுகள் இருக்கின்றன. சண்டை வேண்டாம். பிரிக்க விடாவிட்டால் ரசீதில் “பெட்டி பிரித்துப் பார்க்காமல் பெறப்பட்டது” என்று எழுதுங்கள். ரசீதே இல்லை, ஓ.டி.பி. மட்டும்தான் என்றால் அந்த நிமிடமே தளத்தில் அதே வரியைச் செய்தியாக அனுப்புங்கள்.

11. சிமெண்ட் தொடும் முன் நான்கு சோதனை

பிரிப்பதையும் வீடியோவில் நிறுத்தாமல் எடுங்கள். பிறகு இந்த வரிசையில்:

நடுப்புள்ளியை அளங்கள். கமோடைச் சாக்கு விரித்துப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்முதுகில் ஒரு நேர்ப்பலகையை ஒட்டிப் பிடித்து, பலகையிலிருந்து துளையின் இரு விளிம்பையும் அளந்து பாதியாக்குங்கள். எங்களுக்கு வந்தது 227. சுவரில் 231 இருந்ததால் பிரச்சினை இல்லை. அந்த இடைவெளி விடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மச்சான் அப்போதுதான் புரிந்துகொண்டார்.

தட்டிப் பாருங்கள். விரல் முட்டியால் பீடம், விளிம்பு, டேங்க், மூடி எல்லா இடத்திலும். நல்ல பீங்கான் கணீரென்று சொல்லும். விரிசல் இருக்கும் இடம் மண்சட்டிபோல மந்தமாக ஒலிக்கும். சந்தேகமுள்ள இடத்தில் பேனா மையைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, ஈரத்துணியால் துடையுங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் மை அதில் தங்கிக் கோடாகத் தெரியும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியும், கழிவுத் துளையின் வாயிலும் இதை அவசியம் செய்யுங்கள். முடுக்கும்போது முதலில் விடுவது அங்கேதான்.

சமதளத்தில் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். சூளையில் பீடம் கொஞ்சம் வளைந்திருக்கலாம். லேசான இடைவெளியைச் சிலிகான் மூடிவிடும். ஆள் உட்கார்ந்தால் கடகடவென்று ஆடும் அளவுக்கு இருந்தால் ஏற்காதீர்கள். பிளம்பர் “சிமெண்ட்ல சரி பண்ணிடலாம்ணே” என்பார். அந்தச் சிமெண்ட் பெயரும்போது கமோடு விரிசல் விடும்.

கடைசியாக டேங்க்கில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்து வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்.

12. உடைந்தோ மாறியோ வந்தால்

கெடுவுக்குள் தளத்தில் புகார் பதியுங்கள். “மோசமான பொருள்” என்று எழுதாமல், “பக்கத்தில் 225 மி.மீ. என்று உள்ளது, வந்தது 300 மி.மீ., வரைபடமும் டேப்பு வைத்த படமும் இணைத்துள்ளேன்” என்று எழுதுங்கள். எண் இருக்கும் புகாரை யாரும் சுலபமாக ஒதுக்க முடியாது. பெட்டி, தெர்மாகோல், லேபிள் எதையும் தூக்கிப்போட வேண்டாம். எடுக்க வருபவர் அவை இல்லாமல் வாங்க மறுப்பார்.

பதில் சரியில்லை என்றால் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். 2020 விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குக்கு முன்பே பல தகராறுகள் அங்கே முடிந்துவிடுகின்றன.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் குஜராத்தில் இருந்தாலும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். எட்டாவது படியில் சேர்த்த ஃபோல்டரை அப்படியே அச்செடுத்து, தேதி வரிசையில் அடுக்கி, பில்லை மேலே வைத்துக் கொடுங்கள்.